தீபாவளி ஆர்டர் தாமதம்: மன்னிப்புக் கேட்கிறோம்

அனைவருக்கும் வணக்கம். கடை மேலாளர் எழுதுகிறேன்.

நீங்கள் ஆர்டர் செய்த பலகாரப் பெட்டி தீபாவளிக்கு முதல் நாள் மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடும் என்று சொல்லித்தான் உங்களிடம் பணம் வாங்கினோம். ஆனால் 64 வீடுகளுக்குப் பண்டிகையன்று மதியம்தான் போய்ச் சேர்ந்தது. விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடித்து, சாமிக்குப் படைக்க அதிரசம் இல்லாமல் காத்திருந்ததாக ஒரு அம்மா போனில் சொன்னார், அதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மழையைக் காரணம் சொல்ல மாட்டேன், ஐப்பசியில் மழை வரும் என்று தெரியாதா என்ன? இரண்டு வண்டிகளை வைத்துக்கொண்டு கடைசி மூன்று நாளும் ஆர்டரை நிறுத்தாமல் வாங்கியது என் தவறு.

தாமதமான எல்லோருக்கும் டெலிவரி கட்டணமும் பாதிப் பணமும் வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வரும், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. பால்கோவா வாங்கியவர்கள் தயவுசெய்து அதைச் சாப்பிட வேண்டாம், வண்டியில் இரவு முழுக்க இருந்தது, அதற்கு முழுப் பணமும் தருகிறோம். அப்புறம், பிரிக்காத பெட்டி வேண்டாமென்றால் இதே வாட்ஸ்அப் எண்ணில் சொல்லுங்கள், ஆள் வந்து எடுத்துக்கொள்வார், முழுப் பணமும் கிடைக்கும்.

பொங்கலுக்கு, வண்டி கொள்கிற அளவு நிறைந்ததும் ஆர்டரை மூடிவிடுவோம்.

உங்கள் பண்டிகைக் காலையைக் கெடுத்ததற்கு மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.