ஐந்தாம் பக்கம்

இரவு இரண்டேகால் மணிக்கு முருகேசன் நான்காம் பக்கத்தின் கடைசி வரியையும் அதற்கு அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் மூன்றாவது முறையாகப் படித்தார். முன்னதில் இருப்பு ௬௰௧, அதாவது அறுபத்தொரு கலம் என்றும், பின்னதில் முன்பக்க இருப்பு ௫௰௪, அதாவது ஐம்பத்துநான்கு கலம் என்றும் எழுதியிருந்தது. இடையில் ஏழு கலம் அரிசி எங்கோ போயிருந்தது.

சேலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று தம் சத்திரத்தின் பழைய கணக்கேட்டை மின்னுருவாக்கக் கொடுத்திருந்தது. தாது வருஷப் பஞ்சத்தின்போது, அதாவது 1877ஆம் ஆண்டு மாசி மாதத்தில், அந்தச் சத்திரத்தின் கஞ்சித் தொட்டிக்கு அளந்து கொடுத்த அரிசியின் கணக்கு அது. அரசின் நிவாரண வேலைக்குப் போன ஆண்மகனுக்குக் கூலியே ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்துவிட்டிருந்த காலம். அப்படிப்பட்ட நாளில் ஏழு கலம் அரிசி கணக்கில் காணவில்லை என்றால், படிக்கிறவருக்கு வரும் முதல் எண்ணம் ஒன்றுதான். முருகேசனுக்கும் அதுவே வந்தது. கணக்குப்பிள்ளை நன்றாகத்தான் பிழைத்திருக்கிறான் என்று நினைத்தார்.

பிறகுதான் பக்க எண்ணைப் பார்த்தார். பி.டி.எஃப். காட்டும் வரிசையில் அது ஐந்தாம் பக்கம். ஏட்டின் மேல் மூலையிலோ மசியில் ௬, அதாவது ஆறு என்று இருந்தது. தமிழ் எண்களைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரே என்பதால், பகலில் யாரும் இதைக் கவனித்திருக்க வழியில்லை. அவர் வேகமாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்பதைக் குறிக்கும் ௯க்கு அடுத்து பதினொன்றைக் குறிக்கும் ௰௧ வந்தது. பதினான்காகிய ௰௪க்கு அடுத்து பதினாறாகிய ௰௬ வந்தது. கடைசி வரை அப்படியே, ஐந்துக்கு ஒன்று வீதம் பக்கம் இல்லை. 310 பக்கம் இருக்க வேண்டிய கோப்பில் 248 பக்கமே இருந்தது.

மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் எழுப்பினார். அவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டுவிட்டு உடனே முடிவு சொன்னார்.

"அந்தத் தேன்மொழிப் பொண்ணு அவசரத்தில் தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கும் அண்ணே. பிழைப் பதிவேட்டில் அது பேரை எழுதி வையுங்க, காலையில் பேசிக்கலாம். ஒன்பது மணிக்கு ஏட்டை வாங்க ஆள் வராங்க, அதுதான் எனக்குக் கவலை."

பிழைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. தேன்மொழி வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. முருகேசன் பேனாவை எடுத்தார். ஆனால் அவர் கை ஓடவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர் அவர். ஃபாரம் தவறினால் எட்டுப் பக்கமோ பதினாறு பக்கமோ சேர்ந்தே போகும் என்பது அவருக்குப் பழகிய கணக்கு. ஒரு தாள் கிழிந்து போயிருந்தால் அதன் இரு புறமும் போகும். ஐந்தோடு ஆறும் காணாமற் போயிருக்க வேண்டும். தேன்மொழி இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருந்தால் எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்கள், நான்கும் ஐந்தும் போயிருக்க வேண்டும். ஸ்கேனரின் மேலே இரண்டு கேமராக்கள் உண்டு, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. ஒன்று பழுதாகியிருந்தால் ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டுமோ இரட்டைப்படைப் பக்கங்கள் மட்டுமோதான் விட்டுப்போகும். ஐந்து வலப்பக்கம், பத்து இடப்பக்கம், பதினைந்து மறுபடியும் வலப்பக்கம். தாளைத் தொடுகிற எந்தக் கையும், தாளைப் பார்க்கிற எந்தக் கண்ணும் இப்படித் தவறு செய்யாது.

அப்படியானால் இந்த அலுவலகத்தில் ஐந்து என்ற எண் எங்கே இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிர்ச்சுவரை ஒட்டி ஐந்து கணினிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன.

ஸ்கேன் செய்த பெரிய படங்களைச் சிறிதாக்குவது அவற்றின் வேலை. சீட்டு விளையாட்டில் போடுவதைப்போல முதல் படம் முதல் கணினிக்கு, இரண்டாவது படம் இரண்டாவதற்கு என்று முறைவைத்துப் போகும். ஆறாவது படம் மறுபடி முதலாவதிடம் வரும். முருகேசன் மூலப்படங்களின் கோப்புறையையும் சிறிதாக்கிய படங்களின் கோப்புறையையும் எண்ணச் சொன்னார்.

```
$ ls tif | wc -l
310
$ ls jpg | wc -l
248
```

தேன்மொழி ஒரு பக்கத்தையும் விடவில்லை. சரிபார்க்கும் நிரல் சிறிதாக்கிய படங்களின் எண்ணிக்கையைப் பி.டி.எஃப். பக்கங்களோடு மட்டுமே ஒப்பிடும். இரண்டும் 248 என்றதும் அது பச்சை விளக்கைக் காட்டிவிட்டது. அரைகுறையை அரைகுறையோடு ஒப்பிட்டுச் சரி என்று சொல்கிற இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர் ஒரு நாளாவது அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியிருக்க வேண்டும்.

ஜன்னலோரம் இருந்த ஐந்தாவது கணினியின் திரையை உயிர்ப்பித்தார். ஒரே வரி, மேலிருந்து கீழ்வரை நிரம்பி நின்றது: `No space left on device`. வட்டில் இடமில்லை, எழுத முடியாத படத்தை அது எழுதாமலே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குக் கை நீட்டியிருந்தது. அந்த வரி முதன்முதலாக எப்போது வந்தது என்று மேலே தள்ளிக்கொண்டே போனார். செவ்வாய்க்கிழமை இரவு 11:42.

செவ்வாய் இரவுப் பணி அவருடையது. வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய் இரவில், ஐந்து கணினிகளிலும் தேங்கிய தற்காலிகக் கோப்புகளை அழிப்பதும் அவருடைய வேலை. அன்று நான்கை முடித்தபோது வீட்டிலிருந்து பேத்திக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தது நினைவிருந்தது. வெளியே நின்று பேசிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து, பணிப்பட்டியலில் ஐந்துக்கும் டிக் போட்டதும் நினைவிருந்தது.

சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ஐந்தாவது கணினியைச் சுத்தம் செய்து, விட்டுப்போன 62 படங்களையும் மறுபடி ஓட்டினார். செவ்வாய்க்குப் பின் முடிந்த வேறு மூன்று கோப்புகளைத் திறந்து எண்ணினார். மூன்றிலும் அதே ஓட்டை, மூன்றிலும் சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவருடைய கையொப்பம். அவற்றையும் ஓட்டினார்.

ஐந்தாம் பக்கம் திரையில் வந்தபோது மணி நான்கரை. மாசி 11, 12, 13 ஆகிய மூன்று நாள். நாளொன்றுக்கு இரண்டு கலம் நான்கு மரக்கால் வீதம் தொட்டிக்கு அளந்தது ஏழு கலம், இருப்பு ௫௰௪. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கணக்குப்பிள்ளை சிறு கோடு இழுத்திருந்தார், பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாதபடி. முருகேசன் மெதுவாக ௯, ௰, ௰௧ என்று பக்கம் பக்கமாக இருப்பைக் கூட்டிக் கழித்துக்கொண்டே போனார். முந்நூற்றுப் பத்துப் பக்கத்திலும் ஒரு படி கூட இடறவில்லை.

எட்டு மணிக்குத் தேன்மொழி வந்து பையை மாட்டும்போது பிழைப் பதிவேடு மேசையில் விரிந்து கிடந்தது. குனிந்து படித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, உங்க பேரை நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமாம்மா." அவர் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். "இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் ஓரத்தில் மடிந்திருக்கிறது, ஒரு எழுத்து மறைகிறது. அவர்கள் வருவதற்குள் அதை மட்டும் இன்னொரு தரம் எடுத்துவிடு."