டைபென்சால்அசிட்டோன் தயாரிப்பு: ஆய்வக அறிக்கை

நோக்கம்

சோடியம் ஹைட்ராக்சைடை வினையூக்கியாகக் கொண்டு பென்சால்டிஹைடையும் அசிட்டோனையும் குறுக்கவினைக்கு உட்படுத்தி டைபென்சால்அசிட்டோன் தயாரிப்பது. அதை எத்தனாலில் மறுபடிகமாக்கி, உருகுநிலையைக் கொண்டு தூய்மையைச் சோதிப்பது.

வினை

2 C6H5CHO + CH3COCH3 → C6H5CH=CH–CO–CH=CHC6H5 + 2 H2O

இது கிளைசன்–ஷ்மிட் வினை. பென்சால்டிஹைடில் ஆல்பா ஹைட்ரஜன் கிடையாது. அதனால் ஈனோலேட் ஆவது அசிட்டோன் மட்டுமே. அந்த ஈனோலேட் பென்சால்டிஹைடின் கார்பனைலைத் தாக்கி ஆல்டாலைத் தருகிறது. அதிலிருந்து நீர் வெளியேறியதும் இரட்டைப்பிணைப்பு உருவாகிறது. அசிட்டோனின் மறுபக்கத்திலும் இதே கதைதான். பென்சீன் வளையம் தொடங்கி கார்பனைல் வழியாக அடுத்த வளையம் வரை இரட்டைப்பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைவதால், மூலக்கூறின் ஒளி உறிஞ்சல் புற ஊதாவிலிருந்து நீண்டு ஊதா நிறப் பகுதியையும் தொடுகிறது. நிறமில்லாத இரண்டு திரவங்கள் சேர்ந்து மஞ்சள் திண்மம் வருவது இதனால்தான்.

அளவுகள்

பென்சால்டிஹைடு 5.31 கி (0.050 மோல்), அசிட்டோன் 1.45 கி (0.025 மோல்), சோடியம் ஹைட்ராக்சைடு 5 கி, நீர் 50 மி.லி., எத்தனால் 40 மி.லி.

அசிட்டோன் எளிதில் ஆவியாகிவிடும். அளவு குறைந்துவிடுமே என்று கூடுதலாக ஊற்றினால் ஒரு பக்கம் மட்டும் வினைபுரிந்த பென்சால்அசிட்டோன் கலந்துவிடும். ஆகவே மூடிய குடுவையில் எடைபோட்டே எடுத்தேன். பென்சால்டிஹைடு புட்டியின் வாயில் வெள்ளைப் படிகங்கள் ஒட்டியிருந்தன. காற்று பட்டு உருவான பென்சாயிக் அமிலம் அது. சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவி, உலர்த்தி, வடித்த பிறகே பயன்படுத்தினேன்.

செய்முறை

காரத்தை நீரில் கரைத்து ஆறவிட்டு எத்தனால் சேர்த்தேன். கரைசலை 20–25 °C-இல் வைத்துக் கலக்கியபடி, பென்சால்டிஹைடு–அசிட்டோன் கலவையில் பாதியை ஊற்றினேன். இரண்டு நிமிடம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் பால் கலந்ததுபோல் கலங்கி, சட்டென்று வெளிர்மஞ்சள் துகள்கள் திரண்டன. 15 நிமிடம் கழித்து மீதிப் பாதியையும் சேர்த்து, மேலும் 30 நிமிடம் கலக்கினேன். புக்னர் புனலில் வடிகட்டிக் குளிர்ந்த நீரால் மூன்று முறை கழுவினேன்.

மறுபடிகமாக்கல்

முதலில் ஒரு சிட்டிகை திண்மத்தை மட்டும் சோதனைக்குழாயில் எத்தனால் விட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய கரைசல் செம்பழுப்பாக மாறியது. மூன்று முறை கழுவியது போதவில்லை, திண்மத்தில் காரம் தங்கியிருக்கிறது என்று சந்தேகித்தேன். வடிநீரில் பிஎச் தாளை நனைத்தபோது அது நீலமானது. சரி என்று முழுத் திண்மத்தையும் மறுபடி புனலில் இட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தால் ஒரு முறையும், பிஎச் தாள் நடுநிலை காட்டும்வரை நீராலும் கழுவி உலர்த்தினேன். எடை 5.12 கி, உருகுநிலை 104–108 °C.

எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் சுடர் வைக்காமல் நீர்த்தொட்டியில் சூடாக்கினேன். சிறிது சிறிதாக மொத்தம் 38 மி.லி. சேர்த்ததும் எல்லாம் கரைந்தது. இம்முறை கரைசல் தெளிந்த மஞ்சள். அறை வெப்பநிலையில் அசைக்காமல் வைத்தேன். குடுவையின் சுவரில் முதல் தகடு தோன்றி, அதன் ஓரத்திலிருந்து அடுத்தடுத்து வளர்ந்தன. முழுதும் ஆறிய பிறகே பனிக்கட்டியில் வைத்தேன். அவசரப்பட்டு முன்பே வைத்தால் துகள்கள் மாசையும் சேர்த்து அடைத்துக்கொண்டு விழும்.

முடிவுகள்

தூய பொருள்: 4.03 கி, பளபளப்பான மஞ்சள் தகடுகள். உருகுநிலை 110–111 °C (டிரான்ஸ், டிரான்ஸ் வடிவத்திற்கு நூல்களில் உள்ள மதிப்பு 110–112 °C). கொள்கைவழி விளைச்சல் 0.02497 × 234.3 = 5.85 கி. கிடைத்தது 68.9%, மறுபடிகமாக்கலுக்கு முன் 87.5%. 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசின் ஆரஞ்சுச் சிவப்பு வீழ்படிவு தந்தது. புரோமின் கரைசலின் நிறம் மறைந்தது.

கலந்தாய்வு

உருகும் இடைவெளி நான்கு பாகையிலிருந்து ஒன்றாகச் சுருங்கியதையே தூய்மைக்கு வலுவான சான்றாகக் கொள்கிறேன். நிறத்தை நம்ப முடியாது. தூய்மையற்ற பொருளும் மஞ்சள்தான். ஒருபக்க விளைபொருளான பென்சால்அசிட்டோன் 40 °C அருகிலேயே உருகிவிடும் என்பதால் அது சிறிதளவு இருந்தாலும் இடைவெளி கீழே இழுபட்டிருக்கும்.

மறுபடிகமாக்கலில் இழந்த 1.09 கிராமில் பெரும்பகுதி தாய்க்கரைசலில் தங்கியது. அதைப் பாதியாக ஆவியாக்கிக் குளிர்வித்ததில் மேலும் 0.41 கி கிடைத்தது. ஆனால் அதன் உருகுநிலை 107–109 °C. அதனால் அதை முதல் படிகங்களோடு கலக்காமல் தனிப் புட்டியில் வைத்தேன். மேலுள்ள விளைச்சல் கணக்கிலும் அது சேரவில்லை.