கேபிளையே கவ்வினால் ஏன் ஜீரோ?

நேற்று லேபில் லேம்ப் லோடில் 100 வாட் பல்பு பத்தும் எரிந்துகொண்டிருக்க, டூ-கோர் கேபிளைக் கிளாம்ப் மீட்டரால் கவ்வி, ஜீரோ காட்டியதும் "சார், மீட்டர் போச்சு" என்றாய். மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை தம்பி. பதிவேட்டில் 'பழுது' என்று எழுதியதை அடித்துவிடு.

கிளாம்ப் மீட்டர் ஒயரைத் தொடுவதில்லை. கரண்ட் ஓடும் ஒயரைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தைத்தான் பிடிக்கிறது. அதன் வாய், மூடித் திறக்கும் ஓர் இரும்பு வளையம். அதில் நிறையச் சுற்று காயில் இருக்கும். உள்ளே நுழையும் ஒயர் ஒரே சுற்றுள்ள பிரைமரி, காயில் செகண்டரி. நீ படித்த கரண்ட் டிரான்ஸ்பார்மரேதான்.

வலது கையால் ஒயரைப் பிடிப்பதுபோல் வைத்து, கட்டை விரலைக் கரண்ட் போகும் பக்கம் நீட்டு. விரல்கள் மடியும் திசைதான் புலம் சுற்றும் திசை. இப்போது கட்டை விரலைத் திருப்பிப் பார். சுற்றும் திசையும் திரும்பிவிடும். ஃபேஸில் லோடை நோக்கி 4.3 ஆம்பியர் போகும் அதே கணத்தில் நியூட்ரலில் அதே 4.3 ஆம்பியர் திரும்பி வருகிறது. வளையத்துக்குள் ஒன்று +4.3, இன்னொன்று −4.3. இரும்பு வளையத்தில் மிஞ்சும் புலம் ஒன்றுமில்லை. காயிலில் எதுவும் தூண்டப்படாது.

"ஏசி முன்னும் பின்னும் போய்வருவதால் கழிந்துவிடுகிறது" என்று உன் பெஞ்சில் ஒருவன் சொன்னான். அது தப்பு. அப்படியானால் ஒற்றை ஒயரைக் கவ்வினாலும் ஜீரோதானே வர வேண்டும்? திசை நொடிக்கு 100 முறை மாறுவது உண்மை. ஆனால் இரண்டு ஒயரிலும் ஒரே நேரத்தில் மாறுகிறது, எப்போதும் எதிரும் புதிருமாக.

செய்து பார்த்தால் சந்தேகம் தீரும். மெயினை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கியபின், போர்டு பக்கம் ஃபேஸும் நியூட்ரலும் தனித்தனி ஒயராக ஓடும் இடத்துக்குப் போ. கேபிளின் மேலுறையைக் கத்தியால் கீறாதே. போன வருஷம் ஒருவன் உள் இன்சுலேஷனையும் சேர்த்துக் கீறிவைத்தான். சப்ளை கொடுத்து ஃபேஸை மட்டும் கவ்வு: 4.3 சுமார். நியூட்ரலை மட்டும் கவ்வு: அதேதான். ஒரு பல்பை அணைத்தால் 0.4 போலக் குறையும். மறுபடி ஆஃப் செய்துவிட்டு, நியூட்ரலை வளைத்து எதிர்ப்பக்கமாக வாய்க்குள் நுழைத்து, இரண்டையும் சேர்த்துக் கவ்விப் பார். 8.6 காட்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. கழித்த மீட்டர் இப்போது கூட்டுகிறது.

அந்த ஜீரோவுக்கும் வேலை உண்டு. ஃபேஸில் போனதில் கொஞ்சம் எர்த்துக்கு ஒழுகினால், நியூட்ரலில் அவ்வளவு குறைவாகத் திரும்பும். இரண்டையும் சேர்த்துக் கவ்வும்போது அந்த வித்தியாசம் மட்டும் தெரியும். மில்லிஆம்பியர் அளவில் இருப்பதால் நம் சாதா மீட்டருக்கு எட்டாது, லீக்கேஜ் கிளாம்ப் வேண்டும். வீட்டு மெயின் போர்டில், இப்படி ஒழுகினால் சப்ளையைத் துண்டிக்கும், 30 mA என்று அச்சிட்ட ஆர்சிசிபி இருந்தால் பார். அதற்குள்ளும் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே வளையத்துக்குள்தான் நுழைகின்றன.