நம்ம குடும்ப குரூப்புக்கு ஒரு வேண்டுகோள்

பெரியப்பா, பெரியம்மா, அத்தை, மாமா, சித்தப்பா, சித்தி எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், தப்பா எடுத்துக்காம படிங்க.

போன செவ்வாய்க்கிழமை காலைல 6.10க்கு மடிப்பாக்கம் சித்தப்பா இங்க எழுதியிருந்தார்: "சித்திக்குத் தலை சுத்தல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். யாராவது வர முடியுமா?" நான் அதைப் பார்த்தப்போ மணி 9. அதுக்குக் கீழே 37 குட் மார்னிங் படம் வந்திருந்தது. நான் வேளச்சேரில இருக்கேன், வண்டியை எடுத்தா கால் மணி நேரம். சித்தப்பா தனியா ஆட்டோ பிடிச்சு, அவங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போயிருக்கார். சித்தி இப்போ நல்லா இருக்காங்க. ஆனா எனக்கு இன்னும் மனசு ஆறலை.

இதுல எங்க தப்பும் இருக்கு. காலைல விடாம சத்தம் வருதுன்னு நாங்க நாலஞ்சு பேர் இந்த குரூப்பை மியூட்ல வச்சிருந்தோம். நான் அன்னிக்கே எடுத்துட்டேன். மத்தவங்களும் எடுத்துடறேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்குப் பெரியவங்க நீங்களும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும்.

இந்தப் படமெல்லாம் நீங்க ஏன் அனுப்பறீங்கன்னு எனக்குத் தெரியும். பெரம்பூர் அத்தை அஞ்சரை மணிக்கு ஒரு முருகர் படம் போட்டாங்கன்னா, அத்தை எழுந்தாச்சு, நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். ஒரு நாள் வரலைன்னா அம்மா உடனே போன் பண்ணிக் கேக்கறாங்க. அது நிக்கவே கூடாது. ஆனா யாரோ எங்கேயோ செஞ்ச ரோஜாப்பூ படத்தை விட, அத்தை வாசல்ல போட்ட கோலத்தைப் படம் பிடிச்சுப் போட்டா எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்! பெரியப்பா, நீங்க டைப் பண்ணக் கஷ்டப்பட வேண்டாம். மைக்கை அழுத்திட்டு "எழுந்தாச்சுப்பா, காபி குடிச்சாச்சு"ன்னு ரெண்டு வார்த்தை பேசினா போதும். வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க அதைத் திரும்பத் திரும்பக் கேப்பாங்க.

அதனால ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, அதுவும் உங்களோடதா இருக்கட்டும். வேற குரூப்ல வந்ததை இங்க ஃபார்வர்ட் பண்றதை மட்டும் குறைச்சுக்கோங்க. ஒரே படம் மூணு பேர்கிட்டேர்ந்து வருது. பொங்கல், தீபாவளி, பிறந்தநாள், கல்யாண நாளுக்கெல்லாம் எந்தக் கணக்கும் வேண்டாம், தாராளமா அனுப்புங்க.

அவசரம்னா குரூப்ல எழுதிட்டுக் காத்திருக்காதீங்க. எத்தனை மணியா இருந்தாலும் நேரா எனக்குப் போன் பண்ணுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்க மடிப்பாக்கம் வரேன். போன்ல இடம் இல்லைன்னு வருதுன்னு சொன்னவங்க அன்னிக்குப் போனைக் கொண்டு வாங்க. சாமி படத்தை அழிக்க மனசு வரலைன்னு மாமி சொன்னாங்க. அதையெல்லாம் ஒரு பென் டிரைவ்ல பத்திரமா ஏத்திட்டு, அப்புறம் இடம் பண்ணித் தரேன்.