பிரபுவின் படத்திறப்பில் பேசியது

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். அம்மா, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்லை. படத்தைப் பார்த்தும் முடியாது, அது நான் என் போனில் எடுத்தது. தரையைப் பார்த்தே பேசிவிடுகிறேன்.

பிரபுவுக்கு 31 வயது. பதினாறு நாளாகத் துக்கம் கேட்க வருகிறவர்கள் "விதி" என்கிறார்கள், "நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்" என்கிறார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் பைபாஸில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை, ஒரு சிவப்பு விளக்குகூட வைக்காமல் அப்படியே போட்டுவிட்டுப் போனது சாமி இல்லை. மறுநாள் அங்கே போய் நின்றேன். பத்து மணிக்குள் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். ஒரு காலைப்பொழுது வேலை, அவ்வளவுதான்.

அவன்மேலும் கோபம் இருக்கிறது. எனக்கு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தவனே அவன். போடாமல் கிளம்பினால் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வான். அன்று ராத்திரி அவன் ஹெல்மெட் டேங்க் மேல் இருந்திருக்கிறது. இதோ இருக்கிற வீடுதானே என்று நினைத்திருப்பான். டேய், உன் சாவியைப் பிடுங்க நான் பக்கத்தில் இல்லாமல் போனேனே.

சரி, மகாமகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், கேன்டீனில் என் வடையைக் காக்கா தூக்கிக்கொண்டு போனது. அன்றிலிருந்து பிரபுவுக்கு நான் 'வடை'. 2016 பிப்ரவரி 22, தீர்த்தவாரி அன்று, அம்மாவைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனோம். நெரிசலில் என் கை விட்டுப்போய்விட்டது. இவன் ஒரு திண்ணைமேல் ஏறி நின்று, "வடை! வடை!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அன்னதானம் என்று நினைத்து இருபது பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பாட்டி கையேந்தி நின்றார். நான் போய்ச் சேர்ந்தபோது, கடையில் வாங்கிய வடையை அந்தப் பாட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். காசு? என்னிடம்தான் வாங்கினான். டிகிரி காபிக்கும் அப்படித்தான், பத்து வருஷமாக நான்தான் கொடுத்தேன். ஆனால் என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் அவன். அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவே இல்லை.

இனி யாரும் என்னை வடை என்று கூப்பிட மாட்டார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று அவனிடம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்.

அம்மா, அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. உங்களை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். கூட்டத்தில் கை விட்டுப்போனால், கூச்சப்படாமல் அந்தப் பேரைச் சொல்லியே கத்துங்கள். எங்கே இருந்தாலும் வந்துவிடுவேன்.