எங்கள் குழுவில் புதியவர்: தர்ஷினி, கியூஏ லீட்

2025 மார்ச் 3, திங்கட்கிழமை முதல் தர்ஷினி எங்கள் சம்பள மென்பொருள் குழுவில் கியூஏ லீடாகச் சேர்கிறார். பம்பலப்பிட்டி அலுவலகத்தில்தான் இருப்பார். ஒவ்வொரு வெளியீடும் வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் அவருடைய கையால் ஒரு தடவை போய் வரும். அவர் வேண்டாம் என்றால் வெளியீடு நிற்கும். இதை நேர்முகத்திலேயே பேசி முடிவு செய்துவிட்டோம், ஆகவே டெவலப்பர்கள் யாரும் பிறகு வந்து என்னிடம் முறையிட வேண்டாம்.

தர்ஷினியின் சொந்த ஊர் ஹட்டன் பக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தார். அதற்குப் பிறகு கொழும்பில் இரண்டு நிறுவனங்களில் வேலை. முதலாவதில் வங்கிச் செயலிகள், இரண்டாவதில் மனிதவள மென்பொருள். படிப்பு, சான்றிதழ் விவரங்கள் வேண்டுமென்றால் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தில் இருக்கின்றன. நான் சொல்ல விரும்புவது வேறு.

நேர்முகத்தில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடமும் கேட்டோம்: நீங்கள் கண்டுபிடித்த பிழைகளில் மறக்க முடியாதது எது? முன்பு வேலை செய்த இடத்தில், ஊழியர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து தானாகப் போகும் வசதி ஒன்று இருந்ததாம். அதில் சிலருக்கு மட்டும் வாழ்த்து ஒரு நாள் பிந்திப் போனது. சேர்வரின் நேர வலயத்தில் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். தர்ஷினி வாழ்த்து பிந்திய ஆட்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். எல்லோரும் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள், ஒருவர்கூட லீப் வருடத்தில் பிறக்கவில்லை.

காரணம் அடையாள அட்டை இலக்கம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண்கள் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டப்படும். இவ்வளவும் எங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த நாள் கணக்கில் எல்லா வருடங்களிலும் பெப்ரவரிக்கு 29 நாள்தான். 1991 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 91561 என்று தொடங்கும். நாட்காட்டிப்படி எண்ணினால் அது வருடத்தின் 60ஆவது நாள், அட்டையிலோ 61. நிரலாளர் அதை நேரே நாட்காட்டியில் போட்டுப் பார்த்தால் மார்ச் 2 வரும். வாழ்த்து பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. அதே திகதியை ஓய்வு பெறும் வயதைக் கணக்கிட எடுத்தால் அது விளையாட்டில்லை என்றார். இதைக் கேட்டதும் நானும் எங்கள் தொழில்நுட்பத் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று பின்னேரமே எங்கள் குறியீட்டைத் திறந்து பார்த்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சரியாகத்தான் இருந்தது, நல்ல காலம்.

சம்பளச் சீட்டில் அவருக்கு இருக்கும் அக்கறை வீட்டிலிருந்து வந்தது. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் வேலைக்கு முழுச் சம்பளமான முழுப்பேர் விழுந்ததா, பாதியான அரைப்பேர் விழுந்ததா, பிடித்த காசு எதற்காகப் பிடிக்கப்பட்டது என்று அந்தத் துண்டை வாசித்துச் சொல்வது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் வேலை. அதனால்தானோ என்னவோ, எங்கள் மென்பொருளின் டெமோவைக் காட்டியபோது நிர்வாகப் பலகை, வரைபடங்கள் எதையும் அவர் பெரிதாகப் பார்க்கவில்லை. ஊழியருக்குப் போகும் சீட்டைக் காட்டச் சொன்னார். அதுவும் தமிழில்.

காட்டினோம். “ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி” என்ற வரி பெட்டிக்குள் அடங்காமல் அடுத்த நிரலில் இருந்த தொகையின் மேல் ஏறி நின்றது. முதலாளி கட்டும் 3 சதவீதம் எவ்வளவு என்று அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு பழைய வார்ப்புருவில், பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழுந்தது. தமிழில் எதையாவது சோதிக்க வேண்டுமென்றால் முதலில் “கொழும்பு” என்று அடித்துப் பாருங்கள் என்பது அவருடைய யோசனை. முதல் எழுத்திலேயே கொம்பும் காலும் இரண்டு பக்கமும் இருப்பதால், எழுத்துகளைக் கோக்கத் தெரியாத நூலகம் உடனே மாட்டிக்கொள்ளும். முகவரியில் எப்படியும் வரும் சொல், தனியாகத் தேடிப் போகவும் வேண்டாம்.

அவருடைய முதல் வேலை ஏப்ரல் சம்பளம். ஏப்ரல் 1 முதல் வரிவிலக்கு மாதம் 100,000 ரூபாயிலிருந்து 150,000 ரூபாயாக உயர்கிறது, வரிப் படிகளும் மாறுகின்றன. மாதம் 160,000 ரூபாய் எடுக்கும் ஒருவருக்கு மார்ச்சில் 4,700 ரூபாய் வரி பிடிபடும், ஏப்ரலில் 600 ரூபாய்தான். கையில் வரும் காசு கூடினால் யாரும் கோபிக்கப் போவதில்லை. ஆனால் மார்ச் மாத நிலுவைப் பணத்தை ஏப்ரலில் கொடுக்கிற கம்பனிகள் உண்டு, மாத நடுவில் விலகுகிறவர்கள் உண்டு. அந்த இடங்களில்தான் தொலைபேசி அடிக்கும். தர்ஷினி இப்போதே 149,999, 150,000, 150,001 என்று எல்லைத் தொகைகளோடு ஒரு பட்டியல் தயாரித்து அனுப்பியிருக்கிறார். இன்னும் வேலையில் சேரவில்லை, கவனிக்கவும்.

அதற்குப் பிறகு மூன்று மொழிச் சீட்டுகளை முழுமையாகத் திருத்தும் வேலையை அவர் எடுத்துக்கொள்வார். சிங்கள வார்ப்புருக்களை அந்த மொழியில் வாசிக்கிற ஆள்தான் பார்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார், தனக்குப் பேச வரும், பிழை பிடிக்குமளவுக்கு வாசிக்க வராது என்பதால். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் வைத்த எங்கள் பதிவுப் படிவமும் அவர் பட்டியலில் இருக்கிறது. குடும்பப்பெயர் இல்லாத தர்ஷினியே அதில் தன் பெயரைப் பதிய முடியாமல், அப்பாவின் பெயரை அங்கே போட்டுத்தான் முடித்தாராம். வங்கிக் கணக்கில் முதலெழுத்தோடு ஒரு பெயர், எங்கள் கோப்பில் வேறொரு பெயர். சம்பளம் திரும்பி வருவதற்கு இது போதும்.

மற்றபடி, வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் தங்கியிருக்கிறார். காலி வீதியில் பஸ் நெருக்கடி என்றால் மரைன் டிரைவ் வழியாக நடந்தே வந்துவிடுவாராம். கிரிக்கெட் பார்ப்பார், ஆனால் டெஸ்ட் மட்டும். தேயிலை பற்றி அவரிடம் வாதாடாதீர்கள். எங்கள் சமையலறையில் இருக்கும் பைத் தேயிலையை நேர்முகத்தன்று ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்காக மூடி வைத்ததை நான் பார்த்தேன்.

“மேடம்” வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். தர்ஷினி என்று கூப்பிடலாம், இளையவர்கள் அக்கா என்றாலும் சரி. முதல் வாரம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினரோடு உட்கார்ந்து அழைப்புகளைக் கேட்கப் போகிறார், ஆகவே கூட்டங்களுக்கு அவரை இழுக்க வேண்டாம். உங்களிடம் திறந்தபடி கிடக்கும் சீட்டுப் பிழைகள் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஜிராவில் அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டோடு. ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவார்.