தரவுக் கட்டமைப்புகள்: அடுக்கு, வரிசை – மூன்றாம் பருவத் தேர்வு மாதிரி விடைகள்

வினா 1. அடுக்கையும் வரிசையையும் வேறுபடுத்துக. (2 மதிப்பெண்)

கடைசியாகச் சேர்த்த உறுப்பு முதலில் வெளிவருவது அடுக்கு, அதாவது ஸ்டாக். முதலில் சேர்த்தது முதலில் வெளிவருவது வரிசை, அதாவது கியூ. அடுக்கில் சேர்த்தலும் நீக்கலும் `top` என்ற ஒரே முனையில் நடக்கின்றன. வரிசையில் `rear` முனையில் சேர்த்து, `front` முனையில் நீக்குகிறோம்.

வினா 2. அடுக்கில் ஓவர்ஃப்ளோ, அண்டர்ஃப்ளோ எப்போது ஏற்படும்? (2 மதிப்பெண்)

n இடங்கள் கொண்ட அணியில் அமைத்த அடுக்கில் `top = n-1` ஆன பின்னும் `push` செய்ய முயன்றால் ஓவர்ஃப்ளோ; `top = -1` ஆக இருக்கையில் `pop` செய்ய முயன்றால் அண்டர்ஃப்ளோ.

வினா 3. `A + B * (C - D) / E` என்ற இன்ஃபிக்ஸ் கோவையைப் போஸ்ட்ஃபிக்ஸாக மாற்றி, A=7, B=6, C=9, D=4, E=3 எனக் கொண்டு மதிப்பிடுக. (13 மதிப்பெண்)

கோவையை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். மாறிகள் நேரே விடைக்குச் செல்லும். செயற்குறி வரும்போது, அடுக்கின் உச்சியில் அதைவிட உயர்ந்த அல்லது அதற்குச் சமமான முன்னுரிமை கொண்ட செயற்குறி இருக்கும் வரை அவற்றை எடுத்து விடையில் சேர்த்துவிட்டு, பின்னரே புதியதை அடுக்கில் வைக்க வேண்டும். திறப்பு அடைப்புக்குறி அடுக்கிலேயே காத்திருக்கும். மூடும் குறி வந்ததும் அத்திறப்புக் குறிக்கு மேலே உள்ள செயற்குறிகள் வெளியேறும். டைக்ஸ்ட்ரா 1961இல் விளக்கிய ஷண்டிங் யார்டு முறை இதுவே.

இக்கோவையில் கவனிக்க வேண்டிய இடம் `/` வரும் தருணம். அப்போது அடுக்கில் `+ *` உள்ளன. `*`, `/` இரண்டும் சம முன்னுரிமை கொண்டவை என்பதால் `*` வெளியேறுகிறது, `+` தங்கிவிடுகிறது. இறுதியில் கிடைப்பது:

```
A B C D - * E / +
```

மதிப்பிடும்போது எண்கள் அடுக்கில் ஏறும். செயற்குறி வந்ததும் இரண்டு எண்களை எடுத்துக் கணக்கிட்டு, விளைவை மீண்டும் அடுக்கில் வைக்கிறோம்.

```
7 6 9 4
-    7 6 5
*    7 30
3    7 30 3
/    7 10
+    17
```

விடை 17. முதலில் எடுக்கும் எண்ணே வலப்பக்க எண் என்பதை எழுதத் தவறக்கூடாது. 4 முதலில் வந்தாலும் கணக்கு 9 - 4 தான். கூட்டலிலும் பெருக்கலிலும் வெளித்தெரியாத இந்தப் பிழை, கழித்தலிலும் வகுத்தலிலும் விடையையே மாற்றிவிடும்.

வினா 4. நேர் வரிசையின் குறை யாது? வட்ட வரிசை அதை எவ்வாறு தீர்க்கிறது? (13 மதிப்பெண்)

5 இடங்கள் கொண்ட அணியில் ஐந்து உறுப்புகளைச் சேர்த்து, இரண்டை நீக்கிவிட்டதாகக் கொள்வோம். முன்பக்கம் இரண்டு இடங்கள் காலியாக இருந்தும், `rear` அணியின் இறுதியை எட்டிவிட்டதால் புதிய உறுப்பைச் சேர்க்க இயலாது. ஒவ்வொரு நீக்கலுக்குப் பின்னும் எஞ்சியவற்றை முன்னே நகர்த்தலாம் என்றாலும், அதற்கு O(n) நேரம் ஆகும் என்பதால் அது நல்ல தீர்வன்று.

வட்ட வரிசையில் இறுதி இடத்துக்கு அடுத்தது முதல் இடமாகக் கருதப்படுகிறது. கீழே `rear` என்பது அடுத்த காலியிடத்தைக் குறிக்கும்.

```c
int enqueue(int x) {
    if ((rear + 1) % N == front) return 0;
    q[rear] = x;
    rear = (rear + 1) % N;
    return 1;
}
```

N=5 எனில் 10, 20, 30, 40 சேர்த்தபின் `front=0`, `rear=4`. இரண்டை நீக்கினால் `front=2`. அடுத்து 50 கடைசி இடத்தில் அமர, `rear` சுற்றி 0 ஆகிறது. 60 முதல் இடத்தில் அமர, `rear=1` ஆகிறது. 70ஐச் சேர்க்க முயன்றால் (1+1)%5 = 2 என்பது `front`க்குச் சமமாவதால் வரிசை நிரம்பியதாகக் கொள்ளப்படுகிறது.

ஓர் இடம் எப்போதும் காலியாக விடப்படுவதற்குக் காரணம் உண்டு. அதையும் நிரப்பினால் `front == rear` என்ற நிலை, வரிசை காலி என்பதையும் நிரம்பியது என்பதையும் ஒருங்கே குறிக்கும். இரண்டையும் பிரித்தறிய முடியாது. உறுப்புகளின் எண்ணிக்கையைத் தனி மாறியில் வைத்தால் அந்த இடத்தையும் பயன்படுத்தலாம். இக்காரணத்தை எழுதாமல் நிரலை மட்டும் எழுதிய விடை முழுமையாகாது.

வினா 5. இரண்டு அடுக்குகளைக் கொண்டு ஒரு வரிசையை அமைக்க முடியுமா? நேரச் செலவைக் கூறுக. (6 மதிப்பெண்)

முடியும். புதிய உறுப்புகளை S1இல் வைக்க வேண்டும். நீக்கும்போது S2 காலியாக இருந்தால் மட்டும் S1இல் உள்ள அனைத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து S2இல் வைக்க, அவற்றின் ஒழுங்கு தலைகீழாகி, முதலில் வந்தது S2இன் உச்சிக்கு வருகிறது. அதை நீக்கினால் போதும். ஒரு தனி நீக்கலுக்கு O(n) நேரம் ஆகக்கூடும். ஆயினும் ஒவ்வோர் உறுப்பும் அதிகபட்சம் இருமுறை `push`, இருமுறை `pop` மட்டுமே ஆவதால், n சேர்த்தல்களுக்கும் n நீக்கல்களுக்கும் மொத்தச் செலவு 4n செயல்களைத் தாண்டாது. ஆகவே பகிர்ந்து பார்த்தால் ஒரு செயலுக்கு O(1) நேரமே ஆகிறது.